தும்பிலையின் நிறங்கள்

ஊரில் யாரும் அதைப் பிரிவினை என்று சொல்லவில்லை. ரதீஷ் தனியாகச் செய்யப்போகிறான் என்றுதான் சொன்னார்கள். அண்ணன் சுயம்புராஜுக்கும் அவனுக்கும் சண்டை இல்லை, வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகவில்லை. சுசீந்திரத்தைச் சுற்றிக் கல்யாண விருந்து என்றால் சுயம்பு கேட்டரிங்தான் என்று பெயர் வாங்கியிருந்த தொழிலில் பேச்சு அண்ணனுடையது, அடுப்பு தம்பியுடையது. அடுப்பு தனியே போனால் என்ன என்று ஒருத்திதான் கேட்டாள். தம்பியின் மனைவி ஆதிரா.

கேட்கத் தூண்டியது கருங்கலில் நடந்த ஒரு கல்யாணம். அடைப்பிரதமன் பாயசம் லேசாக அடிப்பிடித்துவிட்டது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, பெண் வீட்டார் முன்னால், "எச்சில் இலை எடுக்கவனுக்கு இருக்க புத்திகூட உனக்கு இல்லியேலே" என்றார் சுயம்புராஜ். ரதீஷ் சிரித்தான். அண்ணன் ஏதோ தமாஷ் சொன்னதுபோல, சட்டுவத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் சொன்னதை ஆதிரா சீக்கிரமே மறந்துவிட்டாள். கணவன் சிரித்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

சுயம்பு கேட்டரிங்கின் மெனு கார்டு, விளம்பரம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் அவள் செய்தவை. அஞ்சுகிராமத்திலிருந்து மருமகளாக வந்தபோது அந்த வீட்டில் விருந்துப் பட்டியலைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள்தான் லேப்டாப்பில், இணையத்தில் டிசைன் செய்யும் தளத்தில், பக்கம் பக்கமாக ஒரு மெனு கார்டு உண்டாக்கினாள். சிவப்பும் பொன்னும் நிறங்கள். தலைப்புக்கு ஒரு எழுத்துரு, பட்டியலுக்கு ஒரு எழுத்துரு. இவற்றை பிராண்ட் கிட் என்று ஓரிடத்தில் சேமித்துவைத்தால் பிறகு எந்த டிசைனைத் திறந்தாலும் அந்த நிறங்களையும் எழுத்துகளையும் ஒரேயடியாக அதன்மேல் போட்டுவிடலாம். இதை அண்ணி சபிதாவுக்கும் அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள். தளத்துக்கான சந்தா சுயம்புராஜின் பெயரில் இருந்தது. ஆதிரா அந்த டீமில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான்.

தனியே வந்த பிறகு அவளுக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு பெயர். நுனியோடு நறுக்கிய இலையை இங்கே தும்பிலை என்பார்கள். மாப்பிள்ளைக்கும் பெரிய மனிதர்களுக்கும் அதைத்தான் போடுவார்கள். தும்பிலை. சொல்லிப் பார்த்தபோது அவளுக்கே வாய் ஊறியது. ரதீஷிடம் சொன்னாள்.

"கொள்ளாம்," என்றான் ரதீஷ். "அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேப்பமா?"

"பேரு வைக்கதுக்கும் அவியள்ட்ட கேக்கணுமா?"

"கேக்காண்டாம்னா கேக்காண்டாம். நீ எதுக்குட்டி முகத்தத் தூக்கிட்டு நிக்க?"

பெயர் வந்தது. ஆனால் வேலை வரவில்லை. ஒரு காதுகுத்து, ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு, அவ்வளவோடு நின்றது. அப்போதுதான் அஞ்சுகிராமத்திலிருந்து அனீஷ் என்ற பையன் இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பினான். தங்கைக்குக் கல்யாணம், பெரிய மண்டபம், சைவ விருந்து. அப்பா வைகுண்டராஜன் விருந்து விஷயத்தில் பிடிவாதக்காரர், மெனுவைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். ஆதிராவுக்கு அது பிறந்த ஊர். அந்த மண்டபத்தில் தும்பிலை என்ற பெயரோடு ஒரு பந்தி நடந்துவிட்டால் பிறகு யாரும் ரதீஷை 'சுயம்புக்க தம்பி' என்று சொல்ல மாட்டார்கள். இந்த விருந்து கிடைத்தால் நிற்கலாம். கிடைக்காவிட்டால் ரதீஷ் ஒருநாள் குளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, 'சும்மா அண்ணனப் பாத்துட்டு வாறேன்' என்று கிளம்புவான். அவன் நாக்கில் அந்த வாக்கியம் தயாராக இருப்பது அவளுக்குத் தெரியும்.

அனீஷுக்கு அன்றைக்கே மெனு அனுப்ப வேண்டியிருந்தது. புதிதாகச் செய்ய நேரமில்லை. அண்ணன் டீமிலிருந்து அவளை இன்னும் நீக்கியிருக்கவில்லை. பழைய மெனு கார்டைத் திறந்து, அதை டெம்ப்ளேட் இணைப்பாக்கி, தன் பெயரில் புதிதாகத் தொடங்கியிருந்த கணக்கில் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். திருட்டுப்போல இருந்தது. நான் செய்ததைத்தானே எடுக்கிறேன் என்று மனசுக்குச் சொன்னாள். மனசு அதை வாங்கிக்கொண்டதா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

புதிய கணக்கில் தும்பிலைக்கென்று ஒரு பிராண்ட் கிட் ஏற்கெனவே சேமித்துவைத்திருந்தாள். ஈர வாழையிலையின் கரும்பச்சை, இலைக்குருத்தின் வெளிர்மஞ்சள், சாதத்தின் வெள்ளை. தலைப்புக்குத் தடித்த தமிழ் எழுத்துரு ஒன்று, பட்டியலுக்கு மெலிந்த ஒன்று. டிசைன் பகுதியில் ஸ்டைல் என்ற இடத்துக்குப் போய்த் தன் கிட்டைச் சொடுக்கினாள். அட்டைப்பக்கத்தின் சிவப்பு அப்படியே பச்சையாயிற்று. ஆனால் எழுத்தும் பச்சையிலேயே விழுந்து, படிக்க முடியாமல் போனது. மறுபடி சொடுக்கினாள். நிறங்கள் தமக்குள் இடம் மாறிக்கொண்டன. இன்னொரு சொடுக்கில் பச்சைத் தரையில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் மஞ்சள் கோடு என்று வந்து நின்றது. எல்லாப் பக்கங்களுக்கும் என்பதை அழுத்தினாள்.

பக்கவாட்டில் சின்னச் சின்னதாக அடுக்கியிருந்த பக்கங்கள் ஒவ்வொன்றாய்ச் சிவப்பை உதறின. எத்தனை வருடம் அந்தச் சிவப்புக்காக உட்கார்ந்திருக்கிறாள்! ஒரு பெருமூச்சு விடும் நேரத்தில் அது போய்விட்டது. இவ்வளவு லேசாகவா ஒரு வீட்டைவிட்டு வெளியே வர முடியும்? வர முடியும்போலிருக்கிறதே என்று நினைத்தாள்.

படங்கள் மாறவில்லை. அவை மாறாது என்று அவளுக்குத் தெரியும். பரிமாறும் பையன்கள் சிவப்பு டீ-ஷர்ட்டில் நின்ற படத்தை எடுத்துவிட்டு, தானே பிடித்த இலைப் படம் ஒன்றை வைத்தாள். பழைய முத்திரை ஒரு படமாக இருந்ததால் அதுவும் அப்படியே நின்றது. நீக்கிவிட்டுத் தன் முத்திரையை வைத்தாள். அட்டையில் பெயரையும் அதன் கீழிருந்த கைபேசி எண்ணையும் திருத்தினாள். பருப்பு, பப்படம், அவியல், எரிசேரி, ஓலன், புளிசேரி, இஞ்சிக்கறி என்று பட்டியலை ஓட்டினாள். போளிமேல் ஊற்றப் பாலடைப் பாயசமா சிறுபயறுப் பாயசமா என்று யோசித்து, இரண்டையும் எழுதினாள். கடைசிப் பக்கம்வரை பார்த்தாள். எங்கே பார்த்தாலும் பச்சை. கண் குளிர்ந்தது.

பி.டி.எஃப். ஆக்கி முதலில் ரதீஷுக்கு அனுப்பினாள். அவன் வடசேரிச் சந்தையில் சேனைக்கிழங்கு விலை கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவ முழுசாப் பாருங்க. தப்பு எதும் இருந்தா சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "பாத்தேன்ட்டி. கடைசிவரைக்கும் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. பச்ச நல்ல எடுப்பா இருக்கு கேட்டியா."

அனீஷுக்கு அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் அவனிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, மெனு சூப்பர். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. அப்பாவே பேசி உறுதி பண்ணிட்டாங்க. தேங்க்ஸ்.' கை கூப்பிய படமும் இருந்தது.

ஆதிராவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பின்கட்டில் உருளியைத் தேய்த்துக்கொண்டிருந்த ரதீஷிடம் ஓடினாள்.

"ஏங்க, சொல்லவே இல்லியே! பொண்ணுக்க அப்பா பேசினாராம்லா?"

"எந்தப் பொண்ணு?"

"அஞ்சுகிராமம். வைகுண்டராஜன். உறுதி பண்ணிட்டாராம்."

"எங்கிட்ட யாரும் பேசல."

"உங்ககிட்ட பேசாம பின்ன யாருகிட்ட பேசினாரு?"

ரதீஷ் சாம்பல் கையோடு எழுந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆதிரா உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள். அட்டைப்பக்கம் சரியாக இருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். கடைசிப் பக்கத்தின் அடியில், மஞ்சள் கோட்டுக்குக் கீழே, மெலிந்த புதிய எழுத்தில், சாதத்தின் வெள்ளையில், 'விருந்து உறுதி செய்ய அழைக்கவும்' என்றிருந்தது. பக்கத்தில் அண்ணனின் நம்பர்.

கிட் நிறத்தை மாற்றியிருந்தது. எழுத்துருவை மாற்றியிருந்தது. அது அவ்வளவுதான் செய்யும் என்று சபிதாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். 'அக்கா, இது வார்த்தையத் தொடாது, அத நாமதான் பாக்கணும்' என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் நேற்று அந்த நம்பர் புது உடுப்பு மாட்டிக்கொண்டு நின்றபோது அவள் கண் அதை நம்பிவிட்டது. பழைய எண் சிவப்பில் நின்றிருந்தால் உடனே உறுத்தியிருக்கும். எல்லாம் பச்சையாக இருந்ததால் எல்லாமே தன்னுடையதாகத் தெரிந்தது.

ரதீஷ் பின்னால் வந்து நின்றான்.

"நேத்து இதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நம்பரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்ட்டி."

"பாத்துட்டா சரியா இருக்குன்னு சொன்னீங்க?"

அவன் கைச்சாம்பலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நம்ம நம்பர்தானேன்னு தோணிச்சு. வேற ஒண்ணும் தோணல."

பொய் சொல்கிறானா என்று அவள் தேடிப் பார்த்தாள். அவன் முகத்தில் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொய்யோடு சண்டை போடலாம். அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த நம்பர் மனப்பாடம். மளிகைக் கடையில், காஸ் பதிவில், பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில் அவள்கூட அதைத்தான் கொடுத்திருக்கிறாள். நேற்றுக் கடைசிப் பக்கத்தில் அவளும் ஒரு கணம் அதைப் படித்திருப்பாள். படித்து, நம்ம நம்பர் என்று தாண்டிப் போயிருப்பாள். அந்தக் கணத்தை நினைவிலிருந்து பிடித்திழுக்கப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அனீஷைக் கூப்பிட்டாள். குரலைச் சிரமப்பட்டுச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "தம்பி, அந்த நம்பர் தப்பா விழுந்துபோச்சு. அது எங்க வீட்டுக்காரருக்க அண்ணன் நம்பர். தும்பிலை தனி, அது தனி."

"அப்படியா அக்கா? அப்பா அவருகிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க. மெனுவ சொல்லிக் கேட்டதுக்கு, ஆமா அது நம்ம வீட்டு மெனுதான்னு சொன்னாராம். எங்க பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கும் அவருதானாம் சமையல்."

"ஆனா சமையல் செய்தது எங்க வீட்டுல உள்ளவங்க."

எதிர்முனையில் போன் கை மாறியது. வைகுண்டராஜனின் குரல் நிதானமாக வந்தது. "மக்ளே, நான் வாக்குக் குடுத்தாச்சு. அவரும் வாங்கியாச்சு. அண்ணனும் தம்பியும் ஒரு வீடுதானே, இதுல நான் என்னத்தச் சொல்ல? உங்களுக்குள்ள ஏதும் உண்டும்னா நீங்க பேசிக்கிடுங்க. எனக்கு எலையில சாப்பாடு நல்லா விழணும்."

"அவிய செய்தா அதே ருசி வராது மாமா," என்றாள் ஆதிரா. சொன்ன பிறகு அது கெஞ்சல்போல இருந்ததைக் கேட்டாள்.

"உன் மாப்பிள்ளதான் வந்து செய்வான்னு அவரு சொன்னாரே," என்றார் அவர்.

போனை வைத்தபோது ரதீஷின் கைபேசி அடித்தது. அண்ணன். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி ஆதிரா சைகை காட்டினாள்.

"ஏலே ரதீஷே, அஞ்சுகிராமத்துல ஒண்ணு வந்திருக்கு கேட்டியா. மெனுவையும் அனுப்பித் தந்தாரு, நம்ம பிள்ள போட்டதுதான். கொள்ளாம், நல்லாப் போட்டிருக்கா. பச்ச கிச்சயெல்லாம் அடிச்சு." சிரித்தார். "ரெண்டு பாயசம் சொல்லியிருக்கு. நீ இல்லாம எவன்லே பாலட கிண்டுவான்? கோவம் கீவம்லாம் ஒரு பக்கம் வச்சிட்டு வந்து சேரு."

அண்ணா, அது எங்களுக்கு வந்தது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆதிரா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதடு அசைந்தது. முகத்தில் ஒரு தளர்வு வந்தது. பல வாரங்களாகச் சுமந்துகொண்டிருந்ததை யாரோ இறக்கிவைத்ததுபோல இருந்தது.

"பாலடைக்கு அரிசி அடை நம்மளே போடுவமா, கடையில வாங்குவமா?" என்று கேட்டான் ரதீஷ்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவன் சிரித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

சாயங்காலம் சபிதா வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி, பலாப்பழத்தை வெல்லத்தில் கிண்டி வறட்டியிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"வருத்தமா பிள்ளே?"

"வருத்தம் என்ன அக்கா, உங்களுக்கு வந்த வேலதானே."

"குத்தாதட்டி. அஞ்சுகிராமத்து மனுசன் கூப்பிட்டாரு, இவிய எடுத்தாரு. நான் சொன்னேன், பிள்ளைகளுக்க காரியம்போல இருக்கு, கேட்டுட்டுச் சொல்லுங்கன்னு. 'எவளுக்க காரியம், என் நம்பர்லயில்லா வந்திருக்கு'ன்னுட்டாரு." சபிதா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஒருகாலத்துல தனியாப் போணும்னு இருந்தது கேட்டியா. மாமியார் உள்ள காலத்துல. எங்க போவ? இவியளுக்குப் போற வழி தெரியாது."

ஆதிரா தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். அண்ணியின் பேச்சில் இருந்தது ஆறுதலா, தன் பக்கத்தில் உட்கார ஒருத்தி கிடைத்தாள் என்ற நிம்மதியா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவதாக இருக்கும் என்றே பட்டது. தானும் ஒருநாள் இப்படித் தூக்குவாளியோடு இன்னொருத்தியின் கட்டிலில் உட்காரக்கூடும் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"ஒரு சகாயம் செய்யணும்," என்றாள் சபிதா. "அந்த ஆளுக்கு அச்சடிச்ச மெனு வேணுமாம், சம்பந்தி வீட்டுல காட்டதுக்கு. உன் பச்சையோட குடுக்க முடியாதுல்லா. நம்ம கலர மட்டும் போட்டுத் தந்திரு. நான் செய்தா எழுத்து தெரியாத மாதிரி வருது."

"நான் இன்னும் உங்க டீம்ல இருக்கனா என்னன்னு தெரியலியே," என்றாள் ஆதிரா, தெரியாததுபோல.

"உன்ன எப்ப எடுத்தோம்? அப்படியேதான் கெடக்கு," என்றாள் சபிதா. யாரும் அவளை நீக்கியிருக்கவில்லை. தான் வெளியே வந்துவிட்டதாக அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முடியாது என்று சொல்லலாம். சொன்னால் சபிதா தட்டுத்தடுமாறி எப்படியோ செய்துவிடுவாள். கோணல்மாணலாக ஒரு மெனு போய் அஞ்சுகிராமத்தில் அவள் பிறந்த ஊர்க்காரர்கள் கையில் கிடைக்கும். கிடைக்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் கை டெம்ப்ளேட் இணைப்பை உண்டாக்கிவிட்டது. அண்ணனின் டீமுக்கு மாறி அதைத் திறந்தாள். ஸ்டைல் பகுதியில் சுயம்பு கேட்டரிங்கின் கிட் காத்திருந்தது. முதல் சொடுக்கில் பொன் தரையில் பொன் எழுத்து. அடுத்ததில் எல்லாம் ஒழுங்காக விழுந்தது. எல்லாப் பக்கங்களுக்கும் என்று அழுத்தினாள்.

"அம்மா! கண்ணடச்சுத் தொறக்கதுக்குள்ள!" என்றாள் சபிதா. "சிவப்புதாண்ட்டி நமக்குச் சேரும்."

எரிசேரியும் ஓலனும் அவள் யோசித்து எழுதிய இரண்டு பாயசமும் சிவப்புக்குத் திரும்பியிருந்தன. அட்டையில் முத்திரையை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தாள், கைபேசி எண்ணையும் அண்ணனுடையதாக்கினாள். முத்திரைக்குக் கீழே, பொன்னிறத்தில், அண்ணன் வீட்டு எழுத்துருவில், தும்பிலை என்ற பெயர் அப்படியே நின்றது. அதை எந்தக் கிட்டும் மாற்றித் தராது.

"இந்தப் பேரையும் மாத்திரு பிள்ளே," என்றாள் சபிதா, பலாப்பழ வறட்டியை விரலால் வழித்து நாக்கில் வைத்தபடி.

வெளியே ரதீஷ் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். எத்தனை உருளி, எத்தனை அடுப்பு, வண்டி யாருடையது என்று கேட்கும் அவன் குரல் துள்ளியது. ஆதிரா பெயரின் கடைசி எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்தாள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தலில் நீக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தட்டலாக, தன் கையாலேயே அழித்தாள். பிறகு சபிதாவைத் திரும்பிப் பார்க்காமல், "உங்க பேரு முழுசா எப்படி வரணும்னு சொல்லுங்க அக்கா, அடிக்கேன்" என்றாள்.